எப்போதாவது தாமதமாகும் இரவு ஜாப்: கெடு 6 மணி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்

தினமும் ஃபெயில் ஆகும் ஜாப் பெரிய தலைவலி இல்லை. லாக்கைத் திறந்தால் எரர் கண்ணில் படும், சரிசெய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். படுத்தி எடுப்பது, மாதத்தில் சில நாள் மட்டும் லேட்டாக முடிந்துவிட்டு மற்ற நாளெல்லாம் சமர்த்தாக ஓடும் ஜாப். அதன் ஸ்டேட்டஸ் லேட்டான நாளிலும் 'சக்ஸஸ்' என்றுதான் இருக்கும். எரர் வந்தால் மெயில் அனுப்பு என்று எழுதி வைத்த அலர்ட் எதுவும் வாயைத் திறக்காது. ரிப்போர்ட் இன்னும் வரவில்லையே என்று காலையில் யாராவது கேட்கும்போதுதான் நமக்கே தெரியும்.

நான் பார்த்துக்கொண்ட ஜாப் அந்த ரகம். ராத்திரி 1 மணிக்கு கிரான் அதைக் கிளப்பும். இன்னொரு சிஸ்டத்திலிருந்து அன்றைய பரிவர்த்தனை ஃபைல் வரும்வரை காத்திருக்கும். வந்ததும் அதை ஒரு தற்காலிக டேபிளில் ஏற்றும். பிறகு ஒவ்வொரு ரெக்கார்டையும் பழைய வரலாற்று டேபிளோடு ஒப்பிடும். புதிது என்றால் சேர்க்கும், பழையதற்கு வந்த திருத்தம் என்றால் மாற்றும். அடுத்து கூட்டுத்தொகைகள், கடைசியில் ரிப்போர்ட். காலை 6 மணிக்குள் ரிப்போர்ட் தயாராக இருக்க வேண்டும். டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ்.

லேட்டாகும் நாளில் டீமில் கிடைக்கும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "ஃபைல் லேட்டுங்க, நம்ம பக்கம் ஒண்ணும் இல்ல." லாக்கைப் பார்த்தால் அது உண்மையாகவும் இருக்கும். ஃபைல் அன்றைக்குத் தாமதமாகத்தான் வந்திருக்கும். ஆனால் ஃபைல் முன்பும் அப்படித்தானே வந்துகொண்டிருந்தது? முன்பெல்லாம் ரிப்போர்ட் லேட்டாகவில்லையே, இப்போது மட்டும் ஏன்? இந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. காரணம், எங்களிடம் இருந்தது ஒரே ஒரு எண்: ஜாப் எத்தனை மணிக்கு முடிந்தது.

முடிந்த நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதற்குள் காத்திருந்த நேரமும் வேலை செய்த நேரமும் கலந்து கிடக்கின்றன. வேலை செய்த நேரத்துக்குள்ளும் வெவ்வேறு குணமுள்ள படிகள் இருக்கின்றன. அதனால் படிவாரியாக நேரத்தைக் குறிக்க ஒரு சின்ன டேபிள் போட்டோம்.

```sql
CREATE TABLE job_step_run (
  run_date    date,
  step        text,
  attempt     int,
  started_at  timestamptz,
  finished_at timestamptz,
  rows_done   bigint,
  PRIMARY KEY (run_date, step, attempt)
);
```

படி தொடங்கும்போது ஒரு வரி சேர்க்க வேண்டும். முடியும்போது அதே வரியில் `finished_at` நிரப்ப வேண்டும். கேட்க எளிதாக இருந்தாலும் போஸ்ட்கிரஸில் இதற்குள் இரண்டு பள்ளங்கள் உண்டு. முதலாவது `now()`. அது தருவது அந்த டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரம். தொடக்கம், முடிவு இரண்டையும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் `now()` வைத்து எழுதினால் இரண்டும் ஒரே நேரமாக இருக்கும். ஒரு மணி நேரம் ஓடிய படிகூட பூஜ்ஜிய நொடியில் முடிந்ததாகக் காட்டும். `clock_timestamp()` தான் அந்த நிமிட நிஜ நேரத்தைத் தரும். இரண்டாவது, இந்தக் குறிப்பை ஜாப்பின் டிரான்சாக்‌ஷனுக்குள்ளேயே எழுதினால் ஜாப் ரோல்பேக் ஆகும்போது குறிப்பும் சேர்ந்து போய்விடும். எந்த ராத்திரியைப் பற்றித் தெரிய வேண்டுமோ அந்த ராத்திரிக்குத் தடயமே இருக்காது. தனி கனெக்‌ஷனில் எழுதி உடனே கமிட் செய்வதுதான் வழி.

`attempt` எதற்கு என்றால், நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டும் நாள்களுக்காக. அது இல்லாவிட்டால் இரண்டாவது ஓட்டத்தின் வரி பிரைமரி கீயில் மோதி நிற்கும், மேலெழுதினாலோ முதலாவதன் நேரம் அழிந்துவிடும். பொதுவாக நிறுத்தப்பட்ட ஓட்டம்தான் இருப்பதிலேயே நீண்ட ஓட்டமாக இருக்கும் என்பதால் அதை இழப்பது நஷ்டம்.

டேபிள் நிரம்பட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஜாப்பின் பழைய டெக்ஸ்ட் லாக்கில் ஒவ்வொரு படியும் தொடங்கியது, முடிந்தது என்று நேரத்தோடு ஒரு வரி விழுந்திருந்தது. `grep` போட்டுப் பிரித்தெடுத்ததில் மூன்று மாத வரலாறு கையில் கிடைத்தது. லாக் ரொட்டேஷன் அதற்கு முந்தையதை அழித்திருந்தது. (இப்படிப்பட்ட லாக்குகளை அழிக்கும் முன் படிவாரி நேரத்தை மட்டுமாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில கேபிதான் வரும்.)

முதலில் ஒரு சாதாரண ராத்திரியையும் லேட்டான ஒரு ராத்திரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நிமிடக் கணக்கில்:

| படி | சாதாரண ராத்திரி | லேட்டான ராத்திரி |
|---|---|---|
| ஃபைலுக்குக் காத்திருப்பு | 10 | 85 |
| ஏற்றுதல் | 35 | 38 |
| ஒப்பிடுதல் | 70 | 150 |
| கூட்டுத்தொகை | 40 | 42 |
| ரிப்போர்ட் | 15 | 15 |
| மொத்தம் | 170 | 330 |
| முடிந்த நேரம் | 3:50 | 6:30 |

ஃபைல் 75 நிமிடம் கூடுதலாகக் காக்க வைத்திருக்கிறது, சரி. ஆனால் 3:50-க்கு முடிய வேண்டியது 75 நிமிடம் தள்ளிப் போனால் 5:05. ஏற்றுதலிலும் கூட்டுத்தொகையிலும் கூடிய ஐந்து நிமிடத்தைச் சேர்த்தாலும் 5:10. 6 மணிக்கு முன்னால் தாராளமாக முடிந்திருக்க வேண்டும். ஒப்பிடும் படி 70-க்குப் பதில் 150 நிமிடம் எடுத்துக்கொண்டதால்தான் கெடு தாண்டியது. அன்றைக்கு ரெக்கார்டுகள் அதிகமா என்று `rows_done` பார்த்தால், இல்லை, எப்போதும் போலத்தான்.

ஃபைல் லேட்டாக வந்ததற்கும் ஒப்பிடும் படி மெதுவாக ஓடியதற்கும் என்ன சம்பந்தம்? கடிகாரத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்தது. சாதாரண நாளில் ஒப்பிடும் படி 1:45-க்குத் தொடங்கி 2:55-க்கு முடியும். லேட்டான நாளில் அது 3:03-க்குத் தொடங்கியது. 3:30-க்கு அதே சர்வரில் டேட்டாபேஸ் பேக்கப் கிளம்பும். பேக்கப் டிஸ்க்கை முழுசாகப் படிக்கிறது, ஒப்பிடும் படியும் வரலாற்று டேபிளை முழுசாகப் படிக்கிறது. இரண்டும் ஒரே டிஸ்க்குக்கு அடித்துக்கொண்டால் இரண்டுமே ஊர்ந்துதான் போகும். சர்வரில் `iostat -x` ஓட விட்டு அடுத்த லேட்டான ராத்திரிக்குக் காத்திருந்து பார்த்தோம். 3:30 தாண்டியதும் ஒவ்வொரு படிப்புக்கும் ஆகும் காத்திருப்பு நேரமான `r_await` எகிறியிருந்தது. கூட்டுத்தொகைப் படி தற்காலிக டேபிள்களை மட்டும் தொடுவதால் அதற்கு பேக்கப்பால் பெரிய பாதிப்பு இல்லை.

ஆக ஜாப்புக்கு நிஜமான கெடு 6 மணி இல்லை. ஒப்பிடும் படி 3:30-க்குள் முடிந்தாக வேண்டும். அதற்குள் முடிந்தால் மீதி எல்லாம் தானாக நேரத்துக்கு முடிந்துவிடும். அதைத் தாண்டினால் மெதுவாகி மெதுவாகி 6-ஐத் தொட்டுவிடலாம். இந்த 3:30 எந்த ஆவணத்திலும் எழுதப்படவில்லை. பேக்கப்பைப் பார்த்துக்கொள்ளும் டிபிஏவுக்கு எங்கள் ஜாப் எப்போது ஓடும் என்று தெரியாது, எங்களுக்கு அவருடைய நேரம் தெரியாது.

இதுவரை கண்டுபிடித்தது ஒரு ராத்திரிக்கான காரணம். இப்போது மட்டும் ஏன் அடிக்கடி நடக்கிறது என்பதற்கு விடை போக்கைப் பார்த்தபோது கிடைத்தது.

மொத்த நேரத்தை நாள்வாரியாக வரைந்து பார்த்தால் ஒன்றும் புலப்படாது. ஃபைல் காத்திருப்பு ஒரு நாள் 5 நிமிடம், ஒரு நாள் 60 என்று தாறுமாறாக இருப்பதால் கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும். மெல்ல ஏறும் சரிவு அதற்குள் மறைந்துவிடும். படியைப் பிரித்து, வாரத்துக்கு ஒரு இடைநிலை எடுத்தோம்.

```sql
SELECT date_trunc('week', run_date)::date AS week,
       percentile_cont(0.5) WITHIN GROUP (
         ORDER BY extract(epoch FROM finished_at - started_at) / 60
       ) AS median_min,
       count(*) FILTER (WHERE finished_at IS NULL) AS unfinished
FROM job_step_run
WHERE step = 'match'
GROUP BY 1
ORDER BY 1;
```

சராசரியை விட்டு இடைநிலையை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. பேக்கப்போடு மோதிய ஒரே ஒரு 150 நிமிட ராத்திரி அந்த வாரச் சராசரியைப் பத்து நிமிடத்துக்கு மேல் தூக்கிவிடும். அந்தத் தூக்கல் போக்கு மாதிரியே தெரியும், ஆனால் போக்கு இல்லை. இடைநிலை அந்த ஒரு ராத்திரிக்கு அசையாது. கடைசி நெடுவரிசையும் தேவையானது: முடியாமல் நின்ற ஓட்டங்கள் இடைநிலைக் கணக்கில் சேராது என்பதால், அவை எத்தனை என்று பக்கத்தில் தெரிந்தால்தான் அந்த எண்ணை நம்பலாமா என்று சொல்ல முடியும்.

முடிவு பளிச்சென்று இருந்தது. ஏற்றும் படி கோடு போட்டது போல 35. காத்திருப்பு தாறுமாறு, ஆனால் மூன்று மாதத்துக்கு முன்பும் அதே அளவு தாறுமாறு. ஒப்பிடும் படி மட்டும் 52, 58, 64, 70 என்று மாதத்துக்கு ஆறு நிமிடம் போல ஏறிக்கொண்டே வந்திருந்தது.

இதை 3:30-ஓடு சேர்த்துப் பார்த்தால் கணக்கு முடிந்துவிடும். மூன்று மாதத்துக்கு முன் ஒப்பிடும் படி 2:37-க்கு முடிந்துகொண்டிருந்தது. 3:30-க்கு 53 நிமிட இடைவெளி. ஃபைல் வழக்கமாக வரும் 1:10-ஐ விட்டு 2:03 வரை தள்ளிப் போனாலும் தாங்கும். இப்போது 2:55-க்கு முடிகிறது, இடைவெளி 35 நிமிடம். 1:45 தாண்டி ஃபைல் வந்தாலே மோதல்தான். 1:45-க்கும் 2:03-க்கும் நடுவில் ஃபைல் வந்த ராத்திரிகள் முன்பும் நிறைய உண்டு. அப்போது அவற்றை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் ஒன்றும் ஆகவில்லை. ஃபைல் மாறவே இல்லை, நம் கையில் இருந்த இடைவெளிதான் சுருங்கிக்கொண்டு வந்திருக்கிறது. இதே வேகத்தில் போனால் ஆறு மாதத்தில் ஃபைல் சரியாக வந்தாலும் தினமும் பேக்கப்போடு மோதும்.

ஒப்பிடும் படி ஏன் ஏறுகிறது என்பதில் ஒரு குறுக்குவழி எங்களை ஏமாற்றப் பார்த்தது. நேரத்தை ரெக்கார்டு எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்க வேண்டும் என்பார்கள். வேலை கூடினால் நேரம் கூடுவது இயல்பு என்பதால் பொதுவாக அது நல்ல பழக்கம்தான். ஏற்றும் படிக்கு அது பொருந்தும். மாதக் கடைசியில் ஃபைல் பெரிதாக வரும்போது நேரமும் அதே விகிதத்தில் கூடும். வகுத்துவிட்டால் கோடு நேராகிவிடும், வீண் அலர்ட் வராது. ஆனால் ஒப்பிடும் படிக்கு அன்றைய ரெக்கார்டு எண்ணிக்கை சம்பந்தமே இல்லாத வகுஎண். மாதக் கடைசி நீங்கலாக, தினசரி வரவு மாறாமல் 4 லட்சம் அளவிலேயே இருந்தது. வளர்ந்தது வரலாற்று டேபிள். அதன் அளவால் வகுத்ததும் சரிவு மறைந்தது. ஒவ்வொரு படியும் எதைப் பொறுத்து நீள்கிறது என்று தனித்தனியாகக் கேட்டுத்தான் வகுக்க வேண்டும்.

`EXPLAIN (ANALYZE, BUFFERS)` போட்டதும் அது உறுதியானது. வரலாற்று டேபிள் முழுவதும் ஸீக்வென்ஷியல் ஸ்கேன், பிறகு ஹேஷ் ஜாயின். இன்டெக்ஸ் இருந்தும் பிளானர் அதைத் தொடவில்லை. உடனே இன்டெக்ஸை வலுக்கட்டாயமாகப் பயன்படுத்தச் சொல்லத் தோன்றும். பிளானர் சொன்னதுதான் சரி. 4 லட்சம் ரெக்கார்டுகளுக்கு ஒவ்வொன்றாக இன்டெக்ஸ் வழியே டிஸ்க்கில் இங்குமங்கும் ஓடுவதைவிட முழு டேபிளையும் ஒரே மூச்சில் படிப்பது எங்கள் சர்வரில் வேகம். சோதித்தும் பார்த்தோம், இன்டெக்ஸ் வழி இன்னும் மோசமாக இருந்தது.

தீர்வு ஒரு கேள்வியிலிருந்து வந்தது: எவ்வளவு பழைய பரிவர்த்தனைக்குத் திருத்தம் வரும்? ஃபைல் அனுப்பும் டீமிடம் கேட்டோம். அவர்களுடைய சிஸ்டமே 60 நாளுக்கு மேற்பட்டவற்றைத் திறந்து திருத்த அனுமதிக்காது, ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது மட்டும் விதிவிலக்கு என்றார்கள். ஆக ஒவ்வொரு ராத்திரியும் முழு வரலாற்றையும் படித்துக்கொண்டிருந்தது வீண். வரலாற்று டேபிளை மாதவாரியாகப் பார்ட்டிஷன் செய்து, ஒப்பிடும் குவெரியில் தேதி நிபந்தனை சேர்த்தோம். பொதுவாகக் கடைசி மூன்று பார்ட்டிஷன்களை மட்டும் அது தொடும். அந்த விதிவிலக்குக்காக, 60 நாளுக்குப் பழைய தேதியோடு வரும் ரெக்கார்டுகளை ஏற்றும்போதே தனி டேபிளுக்கு ஒதுக்கிவிடுகிறோம். வார விடுமுறையில் ஒரு தனி ஜாப் அவற்றை முழு வரலாற்றோடு ஒப்பிடும். இந்த ஒதுக்கலை விட்டுவிட்டால் பழைய திருத்தங்கள் 'புதிது' என்று தவறாகச் சேர்ந்து இரட்டிப்பாகிவிடும், அதை யாரும் உடனே கவனிக்கவும் மாட்டார்கள்.

ஒப்பிடும் படி 25 நிமிடத்துக்கு இறங்கியது. எனக்கு அதைவிட நிம்மதி தந்தது, அடுத்த மாதங்களிலும் அது 25-இலேயே நின்றது. வேகப்படுத்தியபின் சரிவு அப்படியே இருந்தால் நாம் வாங்கியது கொஞ்சம் அவகாசம் மட்டும்.

அலர்ட்டுகளையும் மாற்றி எழுதினோம். ஜாப் தானே தன்னைப் பற்றி அலர்ட் அனுப்பும் ஏற்பாட்டை நம்புவதில்லை. கிரான் கிளப்பாமல் விட்டாலோ சர்வரே படுத்துவிட்டாலோ அலர்ட் அனுப்ப ஆள் இருக்காது. அதனால் வேறு ஒரு சர்வரிலிருந்து குறித்த நேரத்தில் ஒரு சின்ன குவெரி ஓடும். அது தேடுவது "முடிந்தது" என்ற வரியை. வரி கிடைக்காவிட்டால் அலர்ட், டேட்டாபேஸை எட்ட முடியாவிட்டாலும் அலர்ட்.

```sql
SELECT 1
FROM job_step_run
WHERE run_date = current_date
  AND step = 'match'
  AND finished_at IS NOT NULL;
```

`run_date` என்பது ஜாப் கிளம்பிய தேதி. எங்கள் ஜாப் 1 மணிக்குக் கிளம்புவதால் `current_date` சரியாக வருகிறது. 11:30-க்குக் கிளம்பி நள்ளிரவைத் தாண்டும் ஜாப்புக்கு இதையே வைத்தால் தினமும் பொய் அலர்ட் வரும். சோதிக்கும் குவெரியும் ஜாப்பும் வேறு வேறு டைம்சோன் அமைப்பில் ஓடினாலும் இதே கதி வரலாம்.

நேரங்களைப் பின்னாலிருந்து முன்னால் கணக்கிட்டோம். ஏற்ற 35, ஒப்பிட 25, கையில் கொஞ்சம் மிச்சம் என்றால் 2:15-க்குள் ஃபைல் வந்தாக வேண்டும். 2:15-க்கு வரவில்லையென்றால் ஃபைல் அனுப்பும் டீமின் ஆன்கால் ஆளுக்குப் போகும், எங்களுக்கு வெறும் தகவல். 3:20-க்கு ஒப்பிடும் படி முடிந்திருக்காவிட்டால் எங்களை எழுப்பும். அந்த ஆளுக்குச் செய்ய ஒரு வேலையும் எழுதி வைத்திருக்கிறோம்: பேக்கப்பை ஒரு மணி நேரம் தள்ளிப் போடு. 5:30-க்கு ரிப்போர்ட் இல்லையென்றால் அதைப் பயன்படுத்துபவர்களுக்கே தகவல் போய்விடும். 6 மணிக்கு அலர்ட் வைப்பதில் அர்த்தமில்லை, அப்போது எழுப்பப்படும் ஆள் செய்வதற்கு மன்னிப்புக் கேட்பதைத் தவிர ஒன்றும் இருக்காது.

போக்குக்கும் ஒரு அலர்ட் இருக்கிறது, ஆனால் அது ராத்திரி யாரையும் எழுப்பாது. வாரம் ஒருமுறை, ஒவ்வொரு படியின் இந்த வார இடைநிலையையும் எட்டு வாரத்துக்கு முந்தைய இடைநிலையையும் ஒப்பிட்டு, 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டீமுக்கு ஒரு மெயில். நேற்றோடு இன்றை ஒப்பிடும் அலர்ட் மெல்ல ஏறும் சரிவைப் பிடிக்கவே பிடிக்காது. நேற்றும் கிட்டத்தட்ட அதே எண்தான் இருக்கும். குறைந்தாலும் மெயில் வரட்டும் என்று வைத்தோம். ஒரு வாரம் ஏற்றும் படியின் இடைநிலை திடீரென்று பாதியாகிவிட்டதாக வந்தது. பார்த்தால் அந்த வாரம் பெரும்பாலான நாள் ஃபைல் பாதியில் அறுந்து வந்திருந்தது.

டிபிஏவிடம் பேசி பேக்கப்பின் தொடக்கத்தையும் முடிவையும் அதே டேபிளில் எழுத வைத்திருக்கிறோம். டேட்டாபேஸ் வளர வளர பேக்கப்பும் நீளும் அல்லவா? அதன் சரிவு இப்போது மாதத்துக்கு நான்கு நிமிடம். 3:30-க்கு முன்னால் கிளப்பலாமா என்று அவர் கேட்டிருக்கிறார். முன்பென்றால் சரி என்று சொல்லியிருப்போம். இப்போது எவ்வளவு முன்னால் கொடுக்க முடியும் என்று டேபிளைப் பார்த்துச் சொல்கிறோம்: ஃபைல் 2:15-க்கு வரலாம் என்ற கெடு இருக்கும்வரை, 3:20-க்கு முன்னால் ஒரு நிமிடம்கூட இல்லை.